மல்லித்தழையில் சோப்பு வாடை: குறை வயலிலா, மூக்கிலா?

மல்லித்தழையை நேரடியாக வீடுகளுக்குக் கொடுக்கும் இயற்கை உழவர்களுக்கு ஒரு விசித்திரமான புகார் எப்போதாவது வந்திருக்கும். "உங்க தழையில சோப்பு வாடை அடிக்குது, என்ன அடிச்சீங்க?" என்று கேட்பார்கள். ரசாயனக் கடையில் வாங்கிய தழைக்கு யாரும் இப்படிக் கேட்பதில்லை. "மருந்தில்லாத தழை" என்று சொல்லிக் கொடுக்கிற நம்மிடம்தான் கேட்பார்கள், ஏனென்றால் நாம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த வாக்கை நம்பி வாங்குகிறவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது மல்லியோடு நிற்காது. நாளைக்குக் கத்தரிக்காயையும் நம்ப மாட்டார்.

இந்தப் புகாருக்கு இரண்டு காரணங்கள் இருக்க முடியும். ஒன்று, அசுவினிக்கு நாம் அடித்த வேப்பெண்ணெய்க் கரைசலில் கலந்த சோப்பு உண்மையாகவே தழையில் ஒட்டியிருப்பது. இன்னொன்று, தழையில் எதுவும் இல்லாமலே அவருடைய மூக்கு அதைச் சோப்பு என்று படிப்பது. இரண்டாவதைச் சொன்னால் சமாளிக்கிறோம் என்று நினைப்பார்கள். ஆனால் அது உண்மை. உலகத்தில் பல லட்சம் பேருக்கு மல்லித்தழை பிறந்ததிலிருந்து சோப்பாகத்தான் மணக்கிறது. ஏன் அப்படி, வயலின் குறையையும் மூக்கின் கதையையும் எப்படிப் பிரித்து அறிவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தழைக்குள் என்ன இருக்கிறது

மல்லித்தழையைக் கசக்கியதும் எழும் வாசம் ஒரே பொருளால் வருவதில்லை. பல பொருள்கள் சேர்ந்த கலவை அது. அதில் பெரும்பங்கு வகிப்பவை ஆல்டிஹைடு என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. டெக்கனால், டெசினால், டோடெசினால் என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. பெயர்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. இவை கொழுப்பு அமிலங்களின் உறவுக்காரர்கள், நீளமான கரிமச் சங்கிலி கொண்டவை, சுலபமாக ஆவியாகிக் காற்றில் கலப்பவை என்பது தெரிந்தால் போதும்.

சோப்பும் கொழுப்பிலிருந்துதான் செய்யப்படுகிறது. தேங்காய் எண்ணெயோ வேறு எண்ணெயோ காரத்தோடு சேர்ந்து சோப்பாகிறது. அந்தக் கொழுப்பு நாள்பட்டுச் சிதையும்போது இதே ஆல்டிஹைடு குடும்பம் தலைகாட்டும். அது போதாதென்று, வாசனைத் திரவியம் செய்கிறவர்கள் டெக்கனால் போன்றவற்றைச் "சுத்தமான" மணம் வருவதற்காகச் சோப்பிலும் பவுடரிலும் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். ஆகவே மல்லித்தழையில் சோப்பு மணக்கிறது என்று சொல்கிறவர் கற்பனை செய்யவில்லை. இரண்டிலும் ஒரே குடும்பத்து வாசம் உண்மையாகவே இருக்கிறது.

நெல் போடுகிறவர்களுக்கு இன்னொரு உறவுக்காரரையும் தெரியும். பால் பிடிக்கும் பருவத்தில் கதிரில் வந்து உட்காரும் கதிர்நாவாய்ப் பூச்சியை விரலால் நசுக்கிப் பாருங்கள். அந்த நாற்றத்தில் இருப்பதும் ஒரு ஆல்டிஹைடுதான். மூட்டைப்பூச்சியிலும் பச்சை நாற்றப்பூச்சியிலும் இதே குடும்பம் உண்டு. பறவையும் எறும்பும் தன்னைத் தின்னாமல் இருக்க அந்தப் பூச்சிகள் இதைப் பீய்ச்சுகின்றன. மேலை நாட்டு மொழிகளில் கொத்தமல்லிக்கு வழங்கும் பெயர் மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று பலகாலமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்து மூக்குகளுக்கும் இந்த உறவு தெரிந்திருக்கிறது.

இங்கே விவசாயி கவனிக்க வேண்டிய ஒன்று. மல்லி காய் பிடித்து முற்றும்போது இந்த ஆல்டிஹைடுகள் குறைந்துகொண்டே போகும். அவற்றின் இடத்தில் லினலூல் என்ற வேறொரு மணப்பொருள் ஏறும். நன்றாகக் காய்ந்த மல்லி விதையின் எண்ணெயில் பாதிக்கும் மேல் லினலூல்தான். அதனால்தான் பச்சைக் காயை நசுக்கினால் பூச்சி நாற்றமும், முற்றிக் காய்ந்த விதையை வறுத்தால் இனிய மணமும் வருகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம், விருதுநகர் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்கு மானாவாரியாக மல்லி விதைத்து அறுத்தவர்களுக்கு இந்த மாற்றம் மூக்கிலேயே தெரியும். ஒரே செடி, ஆனால் தழைக்கு ஒரு வேதியியல், விதைக்கு இன்னொன்று. இந்த வித்தியாசம் பிறகு நமக்குச் சோதனைக்கு உதவப் போகிறது.

நாக்கு அல்ல, மூக்கு

"சோப்பு ருசி" என்று சொன்னாலும் இதில் நாக்குக்கு வேலை குறைவு. நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, பிறகு இறைச்சி, பருப்பு, காளான் போன்றவற்றில் உள்ள சாறுச் சுவை. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. மெல்லும்போது வாயில் கிளம்பும் ஆவி, அண்ணத்துக்குப் பின்னால் உள்ள வழியாக மூக்குக்குள் ஏறுகிறது. நாம் அதை வாயில் நடப்பதாக நினைத்துக்கொள்கிறோம். சளி பிடித்த நாளில் மீன்குழம்பு சப்பென்று இருப்பது இதனால்தான்.

இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான்கைந்து மல்லி இலையை மெல்லுங்கள். புல்லை மெல்லுவதுபோல இருக்கும், லேசாகக் கசக்கலாம். இப்போது கையை எடுங்கள். மல்லி "திடீர்னு" வந்து நிற்கும். அந்த நொடியில் வந்ததுதான் வாசம்.

மூக்கின் உச்சியில் ஒரு சிறிய இடத்தில் பல லட்சம் நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் தன் மேல் ஒரே வகை ஏற்பியை வைத்திருக்கும். ஏற்பியை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளலாம். காற்றில் வரும் மணப்பொருள் சாவி. பொருந்துகிற சாவி வந்தால் அந்தச் செல் மூளைக்குச் செய்தி அனுப்பும். ஒரு சாவி பல பூட்டுகளில் கொஞ்சம் கொஞ்சம் பொருந்தலாம், ஒரு பூட்டையும் பல சாவிகள் திறக்கலாம். எந்தெந்தப் பூட்டுகள் ஒரே நேரத்தில் திறந்தன என்ற மொத்தக் கோலத்தைப் பார்த்துத்தான் மூளை "இது மல்லி", "இது மல்லிகை" என்று படிக்கிறது.

இந்தப் பூட்டுகளைச் செய்யும் மரபணுக்களை 1991-இல் அமெரிக்காவில் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 2004-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுக்கு வேலை செய்யும் மண ஏற்பி மரபணுக்கள் சுமார் 400. நாய்க்கு ஏறத்தாழ இரு மடங்கு. நம்ம ஊர் ராஜபாளையம் நாயும் அதில் அடக்கம். நமக்குள்ளும் இதே அளவு மரபணுக்கள் செயலிழந்து வெறும் எச்சமாகக் கிடக்கின்றன.

முக்கியமான விஷயம், இந்த 400-உம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஒரு எழுத்து மாறினால் பூட்டின் துளை கொஞ்சம் மாறும். ஒரு சாவி ஒருவருக்குச் சுலபமாகத் திறக்கும், இன்னொருவருக்கு இறுக்கமாக இருக்கும், மூன்றாமவருக்குத் திறக்கவே திறக்காது. எந்த இரண்டு பேரை எடுத்தாலும் இந்த ஏற்பிகளில் சுமார் 30 சதவீதம் வேலை செய்யும் விதத்தில் வேறுபடுகின்றன என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே வீட்டில், ஒரே இலையில் சாப்பிடும் இரண்டு பேர் ஒரே வாசத்தை நுகர்கிறார்கள் என்று நாம் நினைப்பதே தோராயமான நம்பிக்கைதான்.

மல்லிக்கான மரபணு

2012-இல் அமெரிக்காவின் "ட்வென்டி த்ரீ அண்ட் மீ" என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் தங்களிடம் எச்சில் மாதிரி கொடுத்த வாடிக்கையாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மல்லித்தழை உங்களுக்குச் சோப்புபோல இருக்கிறதா? ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த 14,604 பேரின் பதிலையும் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். 11-ஆவது குரோமோசோமில், மண ஏற்பி மரபணுக்கள் கொத்தாக இருக்கும் ஓர் இடத்தில், ஒரே ஒரு எழுத்து மாற்றம் சோப்பு என்று சொன்னவர்களிடம் கூடுதலாக இருந்தது. வேறொரு 11,851 பேரிடம் "மல்லித்தழை பிடிக்குமா?" என்று கேட்டும் சரிபார்த்தார்கள். அங்கும் அதே இடம்தான் வந்தது.

அந்தக் கொத்தில் ஓஆர்6ஏ2 என்று ஒரு மரபணு இருக்கிறது. அது செய்யும் பூட்டு ஆல்டிஹைடுச் சாவிகளுக்குத் திறக்கும் வகை. ஆகவே அதுதான் காரணமாக இருக்கும் என்று எல்லோரும் கையைக் காட்டுகிறார்கள். "சோப்பு மரபணு" என்று பத்திரிகைகளும் பெயர் வைத்துவிட்டன. ஆனால் ஆய்வு காட்டியது அந்தக் கொத்து இருக்கும் இடத்தை மட்டும். அங்கே பக்கத்துப் பக்கத்தில் பல ஏற்பி மரபணுக்கள் இருக்கின்றன. ஓஆர்6ஏ2 அவற்றில் முதல் சந்தேகத்துக்குரியது, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இந்த இடத்தில் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என்று நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டுமே "சோப்பு" எழுத்தாக இருந்த ஐரோப்பியர்களில் சோப்பு என்று சொன்னவர்கள் 100-க்குச் சுமார் 15 பேர். ஒரு பிரதிகூட இல்லாதவர்களிலும் 100-க்குச் சுமார் 11 பேர் சோப்பு என்றே சொன்னார்கள். நான் முப்பது வருஷம் வங்கியில் கடன் கணக்குகளைப் பார்த்தவன். 15-க்கும் 11-க்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் கணக்குகளைச் சேர்த்துப் பார்க்கும்போது உண்மையான வித்தியாசம்தான். ஆனால் அதை வைத்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரை முடிவு கட்ட முடியாது. எழுத்து இருந்தும் 85 பேருக்குச் சோப்பு தெரியவில்லை. எழுத்து இல்லாமலும் 11 பேருக்குத் தெரிகிறது. பொதுவாகக் காணப்படும் மரபணு வேறுபாடுகளை எல்லாம் கூட்டினாலும் இந்தச் சோப்பு உணர்வில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விளக்க முடிகிறது என்று அதே ஆய்வு மதிப்பிட்டது.

எல்லா வாசமும் இப்படி இல்லை. வயலட் என்ற குளிர்நாட்டுப் பூவின் மணத்தில் பீட்டா அயனோன் என்ற பொருள் உண்டு. அதை நுகர முடிகிறதா இல்லையா என்பதை ஏறக்குறைய முழுவதுமாக ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்று 2013-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது ஒரு விளக்கு சுவிட்ச் மாதிரி. மல்லி அப்படி இல்லை. மரபணு ஒருவரைச் சோப்புப் பக்கம் லேசாகச் சாய்க்கிறது, மீதியை வேறு காரணங்கள் செய்கின்றன.

பழக்கம் எங்கே வருகிறது

அந்த "வேறு காரணம்" என்ன என்பதற்கு ஒரு குறிப்பு அதே ஆய்விலேயே இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினரில் 100-க்கு 13 பேர் சோப்பு என்றார்கள். கிழக்கு ஆசியரில் 8 பேர். தெற்கு ஆசிய வம்சாவளியினரில் சுமார் 4 பேர்தான். அதே 2012-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 20 முதல் 29 வயதுள்ளவர்களிடம் மல்லித்தழை பிடிக்கவில்லையா என்று கேட்டார்கள். கிழக்கு ஆசியரில் 21 சதவீதம் பிடிக்கவில்லை என்றார்கள், தெற்கு ஆசியரில் 7 சதவீதம், மேற்கு ஆசியரில் 3 சதவீதம். மல்லித்தழை அன்றாடச் சமையலில் இருக்கும் இடங்களில் எண்ணிக்கை குறைகிறது. இவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழ்கிறவர்கள், நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அல்ல என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

மூளை ஒரு வாசத்தை எதோடு சேர்த்து முதலில் கற்றுக்கொள்கிறதோ அதுதான் பெயராக நிற்கிறது. நம் குழந்தைக்கு இந்த வாசம் முதலில் ரசத்தில் வருகிறது. சோப்பு அப்புறம்தான். மல்லித்தழையை வீட்டில் பார்க்காமல் வளர்ந்த ஒருவருக்கு இதே ஆல்டிஹைடு முதலில் சோப்பிலும் பூச்சியிலும் வருகிறது. இருபது வயதில் தட்டில் அதைப் பார்க்கும்போது மூளை பழைய பெயரைத்தான் சொல்லும்.

இந்தப் படிப்பு பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2001-இல் ஓர் ஆய்வு நடந்தது. கர்ப்பமாக இருந்தபோதோ பாலூட்டும்போதோ கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன. தாய் சாப்பிட்டதன் வாசம் பனிக்குட நீரிலும் பாலிலும் குழந்தைக்குப் போகிறது. ஆகவே மரபணு ஒரு பக்கம் இழுத்தாலும், நம்ம வீட்டுக் குழம்பும் ரசமும் இன்னொரு பக்கம் இழுக்கின்றன.

ஆனாலும் நம் ஊரிலும் சிலருக்குச் சோப்பு தெரியும். அவர்கள் பெரும்பாலும் வெளியில் சொல்வதில்லை. "மல்லித்தழை பிடிக்காது" என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். நம் தழையில் சோப்பு என்று புகார் சொல்கிறவர் ஒருவேளை அந்தச் சிலரில் ஒருவர்.

வயலா, மூக்கா: ஒரு சோதனை

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடங்கள் நிறைய. அங்கே வேலை செய்யும் பெண்கள் வாரம் இரண்டு நாள் எங்களிடம் கீரை வாங்குவார்கள். போன தை மாதம் அவர்களில் ஒருவர் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"சார், மருந்து அடிக்கலைன்னு சொன்னீங்க. இது துணி துவைக்கிற சோப்பு மாதிரி வாடை அடிக்குதே. எங்க கூடத்துல ஆறு பேரு வாங்குறாங்க, அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

அவர் கேட்டது நியாயம். அந்தப் பாத்தியில் விதைத்து பதினெட்டாம் நாள் அசுவினி வந்தது. லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் என்று அடித்திருந்தோம். முப்பத்தைந்தாம் நாள் அறுத்தோம். இடையில் இரண்டு நாள் மழையும் பெய்தது. சோப்பு மிஞ்சியிருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே வாயால் வாதாடாமல் சோதித்துப் பார்த்தோம்.

மூன்று கிண்ணம் எடுத்தோம். ஒன்றில் அந்தப் பாத்தித் தழை. இரண்டாவதில் வீட்டு முற்றத்துத் தொட்டியில் எதுவுமே அடிக்காமல் வளர்ந்த தழை. மூன்றாவதில் கடைத்தெருவில் வாங்கிய தழை. மூன்றையும் ஒரே மாதிரி அலசி, ஒரே அளவு நறுக்கி, எது எது என்று கிண்ணத்தின் அடியில் மட்டும் எழுதினோம். அவரோடு இன்னும் மூன்று பேர் முகர்ந்தும் மென்றும் பார்த்தார்கள். அந்த மூவருக்கு எதிலும் சோப்பு இல்லை. அவருக்கு மூன்றிலும் சோப்பு. தொட்டித் தழையில்தான் அதிகம் என்றார்.

அடுத்து அவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னேன். "இப்ப ஒண்ணும் இல்லை சார், வெறும் இலை" என்றார். கையை எடுத்ததும் முகம் சுளித்தது. கடைசியாக வறுத்த மல்லி விதையைக் கொடுத்தேன். "இது நல்லாத்தானே இருக்கு" என்றார். பேச்சோடு பேச்சாக, "எங்க ஆத்தாவுக்கும் மல்லித்தழை ஆகாது, ரசத்துல போட்டா எந்திரிச்சுப் போயிடும்" என்றும் சொன்னார்.

இதில் எந்த ஒன்றும் தனியாகப் போதாது. சேர்த்துப் பார்த்தால் கதை தெளிவு. எதுவுமே அடிக்காத தழையிலும் சோப்பு தெரிகிறது என்றால் அது சோப்புக் கரைசல் இல்லை. மூக்கை மூடினால் மறைகிறது என்றால் அது வாசம். விதையில் இல்லை என்றால் அது தழையின் ஆல்டிஹைடு. தாய்க்கும் அப்படி என்பது ஒரு சின்னக் குறிப்பு மட்டும். ஒரே அடுப்படியில் வளர்ந்தவர்களுக்கு மரபணுவும் பொது, பழக்கமும் பொது. ஆகவே அதை மரபணுவுக்குச் சாட்சியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையாகவே சோப்பு ஒட்டியிருந்தால் அடையாளங்கள் வேறு மாதிரி இருக்கும். ஒருவருக்கு மட்டும் இல்லாமல், அந்தக் கட்டைத் தின்ற எல்லோருக்கும் தெரியும். அடித்த பாத்தித் தழையில் மட்டும் இருக்கும், தொட்டித் தழையில் இருக்காது. மூக்கை மூடினாலும் நாக்கில் கசப்பும் வழுவழுப்பும் நிற்கும், ஏனென்றால் சோப்பு காரத்தன்மை உள்ளது, அது நாக்கையே தொடுகிறது. ஒரு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தழையை நன்றாக அலசிக் கலக்கினால் நுரை நிற்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசியதும் வாடை போய்விடும். ஆல்டிஹைடு வாசம் எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது, அது இலைக்குள்ளேயே இருக்கிறது. அளவுக்கு மீறிச் சோப்பு கலந்திருந்தால் இலை ஓரம் கருகியும், காய்ந்த துளிகள் வெள்ளைப் புள்ளிகளாகவும் தெரியும். இந்த அடையாளங்கள் தெரிந்தால் அந்தக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்தப் பாத்தியை இன்னும் சில நாள் தண்ணீர் தெளித்துவிட்டு அறுப்பதுதான் முறை.

தழைப்பயிரில் இந்தச் சந்தேகமே வராமல் இருக்க ஒரு வழி, அறுப்பு நெருங்கிய பாத்தியில் சோப்பு கலந்த எதையும் அடிக்காமல் இருப்பது. மல்லித்தழை 35 முதல் 40 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். முதல் மூன்று வாரத்துக்குள் அசுவினியைப் பார்த்துவிட்டால் அதற்குள் அடித்து முடிக்கலாம். பிறகு வந்தால் காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதிக்கு மேல் கொட்டிவிடும். கூடவே ஒரு தொட்டியில் நான்கு விதையை எதுவும் அடிக்காமல் வளர்த்து வையுங்கள். புகார் வரும் நாளில் ஒப்பிட்டுக் காட்ட அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

மூக்குக்கு ஏற்ற சமையல்

சோப்பு தெரிகிறவர் மல்லித்தழையை விட்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஆல்டிஹைடுகள் நிலையில்லாதவை. அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முதல் வழி, நசுக்குவது. இலை நசுங்கியதும் செல்கள் உடைந்து, இலையில் உள்ள நொதிகள் ஆல்டிஹைடுகளை மெல்ல மெல்ல வாசம் குறைந்த வேறு பொருள்களாக மாற்றுகின்றன. ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. ஹெரால்ட் மெகீ என்ற அமெரிக்க உணவு அறிவியல் எழுத்தாளர் 2010-இல் அதை எடுத்துச் சொல்லி, மல்லி பிடிக்காதவர்கள் அரைத்துச் சாப்பிடலாம் என்று எழுதினார். நம்ம ஊர்த் துவையல் இதைத்தான் செய்கிறது. தேங்காய், பொட்டுக்கடலை, புளி, பச்சை மிளகாய் சேர்த்து அம்மியில் நன்றாக அரைத்து, உடனே பரிமாறாமல் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சாப்பிட்டால் சோப்பு வாடை தணிந்திருக்கும். வேகமாக நறுக்கி மேலே தூவுவது இதற்கு நேர் எதிர். நறுக்கியவுடன்தான் வாசம் உச்சத்தில் இருக்கும்.

இரண்டாவது, கொதிக்க வைப்பது. பிடித்தவர்களுக்கு ரசத்தை இறக்கும்போது தழையைப் போடுவோம், வாசம் நிற்க வேண்டும் என்று. பிடிக்காதவர்களுக்கு முதலிலேயே போட்டு மூடாமல் கொதிக்க விட்டால் ஆல்டிஹைடு ஆவியோடு போய்விடும். மூன்றாவது, தழைக்குப் பதில் விதையை வறுத்துப் பொடித்துப் போடுவது. மல்லியின் மணம் கிடைக்கும், சோப்பு இருக்காது.

பழக்கமும் மாற்றும், ஆனால் மெதுவாக. வாசத்தை நல்ல உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் பலருக்கு வெறுப்பு குறைகிறது. ஏற்பி மாறவில்லை, அந்த வாசத்துக்கு மூளை வைத்த பெயர் மாறுகிறது. எல்லோருக்கும் மாறும் என்று சொல்வதற்கில்லை. குழந்தை முகம் சுளித்தால் வாயைப் பிடித்துத் திணிக்க வேண்டாம், அதற்கு உண்மையிலேயே வேறு வாசம் தெரியலாம்.

இயற்கை விவசாயத்தில் புதிதாக இறங்குகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வாடிக்கையாளர் சோப்பு என்று சொன்னால் "உங்களுக்குத்தான் அப்படித் தெரியுது" என்று முதல் பதிலாகச் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையாக இருந்தாலும் அவமானப்படுத்துவதாகக் கேட்கும். முதலில் உங்கள் தெளிப்புக் குறிப்பேட்டைப் பாருங்கள். அடித்த நாள், அளவு, அறுத்த நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு தொட்டித் தழையையும் பாத்தித் தழையையும் அவர் கையிலேயே கொடுத்து, மூக்கைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவை அவரே சொல்வார்.

அந்தத் தையல் கூடத்து அம்மா இப்போது எங்களிடம் மல்லித்தழை வாங்குவதில்லை. புதினாவும் மல்லி விதையும் வாங்குகிறார். மற்ற ஐந்து பேரும் தழையைத் தொடர்ந்து வாங்குகிறார்கள்.